ஏழுன்னு எழுதறதா, ஏழு இருபதுன்னு எழுதறதா? அரிஸ்டாட்டிலோட நடுநிலை இதுல எங்கே இருக்கு?

பிறை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுன் வாசிப்பு வட்டத்துல அரிஸ்டாட்டிலோட நிக்கோமாக்கிய அறவியல் ஓடிக்கிட்டிருக்கு, நாலாம் புத்தகத்துக்கு வந்துட்டோம். போன கூட்டத்துல ஒரு தங்கச்சி தன் வேலை இடத்துச் சிக்கல் ஒன்னைக் கொண்டு வந்தாங்க. அவங்க சம்மதத்தோட இங்கே போடறேன். கம்பெனி பேர் கேக்காதீங்க.

பாயான் லெப்பாஸ்ல சர்க்கிட் போர்டு ஓடற லைன். இவங்க நைட் ஷிப்ட் லீட். காலைல ஏழு மணிக்கு டே ஷிப்ட் லீட் வந்து பொறுப்பேத்துக்கணும். அவர் ஐம்பதைத் தாண்டின ஓர் அண்ணன். இவங்களுக்கு வேலை கத்துக்கொடுத்ததே அவர்தான். வாரத்துல பாதி நாள் ஏழேகால், ஏழு இருபதுக்குத்தான் வருவார். ஹேண்டோவர் புத்தகத்துல ரெண்டு பேரும் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கணும். "ஏழுன்னு போட்டுடும்மா"ம்பார். இவங்களும் போட்டுடுவாங்க. மாசக்கணக்கா இப்படித்தான் போகுது.

போன மாசம் அவர் லேட்டா வந்த ஒருநாள், ஹேண்டோவரை அவசரமா ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. போர்டுல பாகங்களை ஒட்டவைக்கற சோல்டர் பேஸ்ட் டப்பாவை விடிகாலை 3.10க்குத் திறந்தது வாய்ல வரலை. அங்கே திறந்த டப்பாவுக்கு எட்டு மணி நேரம்தான் கணக்கு, 11.10க்கு மாத்தியிருக்கணும். காலை ஷிப்ட்ல திறந்த டப்பான்னு நினைச்சு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அதையே ஓட்டியிருக்காங்க. அந்த மூணு மணி நேரத்து போர்டு எல்லாம் ஹோல்டுல போயிடுச்சு. மேனேஜர் புத்தகத்தைத் திறந்தா "7.00, ஹேண்டோவர் முழுமை", ரெண்டு கையெழுத்து. அன்னிக்கு ராத்திரி இவங்க ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவுல முப்பது பேர் பார்க்க அண்ணனைத் தாளிச்சுட்டாங்க. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் 7.00ன்னே எழுதிட்டாங்க.

அவங்க கேள்வி இதுதான்: "ஒருநாள் ரொம்ப மெத்தனம், ஒருநாள் ரொம்பக் காரம். அப்போ இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும், அதானே அரிஸ்டாட்டில் சொல்றது? அந்த நடு எது?" வட்டத்துல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. உங்க கருத்தும் வேணும்.

---

லெப்பாஸ் தேவா:

இதுல என்ன குழப்பம். மெத்தனம் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், நடுவுல போங்க. அண்ணன் மேல மரியாதையும் போகக்கூடாது, கம்பெனி ரூலும் உடையக்கூடாது. ஏழு இருபதுக்கு வந்தா 7.10ன்னு எழுதட்டும். குழுவுல போடாம, ஒரு தடவை தனியா, சிரிச்சுக்கிட்டே "அண்ணே கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்"னு சொல்லட்டும். நடுநிலைன்னா அதுதானே. லைன்ல நாங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டறோம் லா.

---

சட்டம் பேசுவோம்:

எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. ஷிப்ட் ஏழுக்கு முடியுதுன்னா, ஏழு இருபது வரைக்கும் அந்தப் பொண்ணு நிக்கறது ஓ.டி. 1955 மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்துல 2023 ஜனவரி 1லேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான். வழக்கமான நாள்ல அதுக்கு மேல செஞ்சா ஒன்றரை மடங்கு. வாரத்துக்கு மூணு நாள், நாளைக்கு இருபது நிமிஷம்னா ஒரு மணி நேரம். 7.00ன்னு எழுதி எழுதி அந்தக் காசைத் தானே விட்டுக்கொடுத்துட்டாங்க. முதல்ல எச்.ஆருக்குப் போகச் சொல்லுங்க.

---

பிறை வாசகி:

சட்டம் பேசுவோம் சார், அந்த ஒரு மணி நேரக் கணக்கு எங்க வட்டத்துல யாருக்கும் தோணலை, அவங்ககிட்ட சொல்றேன். ஆனா அவங்க கேக்கறது காசைப் பத்தி இல்ல. தான் எப்படிப்பட்ட ஆளா ஆகிட்டிருக்கோம்ங்கறதுதான் அவங்க கவலை.

---

மெய்ப்பொருள்:

தேவா தம்பி சொன்னதுல ஒரு பாதி சரி. தனியா சொல்லணும்ங்கறது சரி. 7.10ங்கறதுதான் அரிஸ்டாட்டில் வேலை மெனக்கெட்டு மறுத்த விஷயம்.

இரண்டாம் புத்தகம் ஆறாம் அத்தியாயத்துல மல்யுத்த வீரன் மிலோ வருவான். பத்து மினா எடை சாப்பாடு அதிகம், ரெண்டு மினா குறைவுன்னா, கணக்குப்படி நடு ஆறு. ஆனா பயிற்சி கொடுக்கறவர் எல்லாருக்கும் ஆறுன்னு எழுதிக் கொடுக்கமாட்டார். மிலோவுக்கு ஆறு பத்தாது, புதுசா வந்த பையனுக்கு ஆறு அதிகம். நடு இருக்கறது ஆளையும் சமயத்தையும் வச்சு. ரெண்டு முனையையும் கூட்டி ரெண்டால வகுத்தா அது கிடைக்காது. சில சமயம் சரியான அளவே கடுமையான கோபமா இருக்கும். சில சமயம் கோபமே வேண்டியிருக்காது.

அதே அத்தியாயத்துக் கடைசியில இன்னொன்னும் உண்டு. நடுவே இல்லாத செயல்கள்னு ஒரு பட்டியல் தர்றார்: திருட்டு, கொலை, பிறன்மனை. "சரியான ஆளோட, சரியான நேரத்துல, சரியான அளவுல" திருடறதுன்னு ஒன்னு கிடையாது. பொய்யான நேரத்தைப் பதிவேட்டுல எழுதறதும் இந்த ரகம்தான்னு நான் வாசிக்கிறேன். இருபது நிமிஷப் பொய் தப்பு, பத்து நிமிஷப் பொய் அளவானதுன்னு ஆகாது. 7.20க்கு வந்தா 7.20. இதுல தேட வேண்டிய நடு ஒன்னுமில்லை.

நடுவைத் தேட வேண்டியது வேற இடத்துல. அவர்கிட்ட எப்படிச் சொல்றது, எவ்வளவு சூட்டோட சொல்றது, எப்போ நிறுத்தறது. அங்கேதான் இந்தப் பொண்ணு தன்னைப் பத்திச் சொன்ன நோய்க்கணிப்பு எனக்குத் தப்பாப் படுது. ராத்திரி எழுதறேன்.

---

லெப்பாஸ் தேவா:

ஐயா, திருட்டையும் இதையும் ஒரே தட்டுல வைக்கறீங்களே. ஒரு நேரம் எழுதறது கொலைக்குச் சமமா?

---

மெய்ப்பொருள்:

சமம்னு சொல்லலை தம்பி. கெடுதலோட அளவு வேற, அளவு பார்த்துச் செய்யலாமாங்கற கேள்வி வேற. சின்னத் தப்புக்கும் சரியான அளவுன்னு ஒன்னு இல்லாம இருக்கலாம்.

இப்போ நோய்க்கணிப்பு. "ஒருநாள் குறை, ஒருநாள் மிகை, ரெண்டுக்கும் நடுவுல ஆடறேன்"ங்கறாங்க. நாலாம் புத்தகம் அஞ்சாம் அத்தியாயத்துல கோபக்காரங்களை வகை பிரிப்பார். சட்டுனு பொங்கிச் சட்டுனு அடங்கறவங்க ஒரு வகை. சீக்கிரம் அடங்கறதுதான் அவங்ககிட்ட நல்ல அம்சம்ங்கறார். இன்னொரு வகை கசப்பை உள்ளேயே வச்சுக்கறவங்க. வெளியே தெரியாததால யாரும் சமாதானம் சொல்ல வரமாட்டாங்க. உள்ளுக்குள்ளேயே கோபம் செரிக்கணும்னா நாள் ஆகும். பதிலுக்கு ஒரு அடி கொடுத்தாத்தான் பாரம் இறங்கும். இவங்க தங்களுக்கும் நெருங்கினவங்களுக்கும்தான் அதிகத் தொல்லைங்கறார்.

அந்த வாட்ஸ்அப் ராத்திரியை இதை வச்சுப் பாருங்க. மாசக்கணக்கா சிரிச்சுக்கிட்டே 7.00 எழுதினதும், முப்பது பேர் முன்னால போட்டுத் தாளிச்சதும் ரெண்டு எதிர் முனை இல்லை. ஒரே கோட்டோட ஆரம்பமும் முடிவும். சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லாததுதான் அன்னிக்கு ராத்திரி வெடிச்சது. அதனால "மெத்தனத்துக்கும் காரத்துக்கும் நடு"ன்னு தேடினா கிடைக்காது. இனிமே கொஞ்சம் அடக்கிக்கறேன்னு முடிவெடுத்தா கசப்பு இன்னும் நாள் கூட இருக்கும், அவ்வளவுதான்.

இதோட சேர்த்து ஆறாம் அத்தியாயத்தையும் படிக்கணும். அங்கே அவரே பேர் இல்லைன்னு விட்டுட்ட ஒரு நற்குணம் வருது, நட்புக்குக் கிட்டத்துல இருக்கறது. ஒரு பக்கம் யார் மனசும் நோகக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் தலையாட்டறவன். மறு பக்கம் எல்லாத்தையும் எதிர்த்துப் பேசறவன். நடுவுல இருக்கறவன் எப்போ மறுப்பான்னு ரொம்பத் துல்லியமாச் சொல்றார்: கூடப் போறதால செய்யறவனுக்கே பெரிய அவமானமோ கேடோ வரும், மறுத்தாச் சின்ன வருத்தம்தான்னா, அங்கே மறுக்கணும். 7.00ன்னு எழுதிக் கொடுக்கறதால முதல்ல கெடப்போறது அண்ணன் பேர்தான். மேனேஜர் விசாரணைல அவர் கையெழுத்தும்தானே மாட்டுது. மறுத்தா அவருக்கு அன்னிக்குக் காலையில முகம் சுண்டும், அவ்வளவுதான்.

---

ஆயர் ஈத்தாம் அக்கா:

நான் வார்டுல நர்ஸ். எங்களுக்கும் இதே ஏழு மணி, இதே புத்தகம். எங்க வார்டுல நேரத்தை மாத்தி எழுதினா அன்னிக்கே மாட்டிக்குவோம், மருந்துச் சீட்டு நேரத்தோட ஒத்துவராது.

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியாச்சு, ஒருத்தர்கூட அந்த மனுஷன் ஏன் லேட்டா வர்றார்னு கேக்கலையே? ஐம்பது வயசுக்கு மேல, வேலை கத்துக்கொடுக்கற அளவுக்குப் பொறுப்பானவர், சும்மாவா லேட்டா வருவார்? பாலத்துல ஜாமா, வீட்டுல யாருக்காவது முடியலையா?

---

பிறை வாசகி:

அக்கா, அவங்களும் கேட்டதில்லையாம். "பெரியவர்கிட்ட அதெல்லாம் எப்படிக் கேக்கறது"ன்னு விட்டுட்டாங்க. அவர் பட்டர்வொர்த் பக்கத்துலேர்ந்து மோட்டார்ல பாலத்தைத் தாண்டி வர்றவர்ங்கறது மட்டும் தெரியும்.

---

எதிர்வாதி:

தத்துவம் எல்லாம் அழகா இருக்கு. நான் உளவியல் பக்கத்து ஆள். ஒரு சங்கடத்தைச் சொல்லிடறேன்.

1973ல டார்லி, பேட்சன்னு ரெண்டு பேர் பிரின்ஸ்டன்ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பறாங்க. வழியில ஒருத்தர் முனகிக்கிட்டு விழுந்து கிடக்கார். நேரம் இருக்குன்னு அனுப்பப்பட்டவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க. லேட்டாயிடுச்சு, ஓடுன்னு அனுப்பப்பட்டவங்கள்ல 10 சதவீதம்தான். பாதிப் பேருக்குப் பேச்சுத் தலைப்பே, வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியனோட பைபிள் கதை. ஆள் யாருங்கறதை விட அவசரமா இல்லையாங்கறதுதான் முடிவு பண்ணுச்சு. இதையெல்லாம் வச்சு ஹார்மன், டோரிஸ் மாதிரி தத்துவ ஆளுங்க, நற்குணம்னு நிலையா ஒன்னு ஆளுக்குள்ள இருக்கான்னே கேட்டாங்க.

ஹேண்டோவர் நேரம்னா என்ன? பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு, பசியாறப் போகணும், தூங்கணும்னு நிக்கற ஆள். எதிர்ல மூச்சிரைக்க ஓடிவர்ற ஆள். இந்த இடத்துல போய் குணத்தை வளர்க்கப் போறீங்களா? பேசாம ஒரு டேப்லட் வச்சு, கார்டைத் தட்டினா நேரம் தானே விழற மாதிரி பண்ணிடுங்க. பொய் எழுதவே வழியில்லை. நோய் தீர்ந்துச்சு.

---

லெப்பாஸ் தேவா:

எங்க ப்ளாண்ட்ல அது இருக்கு. கார்டை இன்னொருத்தர்கிட்டக் கொடுத்துட்டு "ஏழுக்குத் தட்டிடு தம்பி"ம்பாங்க.

---

மெய்ப்பொருள்:

தேவா ஒரே வரியில எதிர்வாதிக்குப் பாதி பதில் சொல்லிட்டார். மீதிப் பாதிக்கு நான் எதிர்வாதி பக்கமே கொஞ்சம் சாயறேன். இரண்டாம் புத்தகத்தோட தொடக்கத்துலேயே, சட்டம் செய்யறவங்க குடிமக்களைப் பழக்கித்தான் நல்லவங்களா ஆக்கறாங்க, அதைச் சரியாச் செய்யாத ஊர் ஏற்பாடு கெட்ட ஏற்பாடுங்கறார். ஹேண்டோவருக்கு ஏழுலேர்ந்து ஏழேகால் வரைக்கும் ரெண்டு ஷிப்டும் ஒன்னா நிக்கற மாதிரி நேரம் ஒதுக்கினா, அதுவும் பழக்கத்தோட ஒரு பகுதிதான். அவசரத்துல நல்ல ஆளும் தடுமாறுவான்ங்கறதை அவர் மறுக்கலை. ஆனா ஒன்னு. அந்த டேப்லட் நேரத்தைச் சரியாப் பதியும். டப்பா 3.10க்குத் திறந்ததை அண்ணன்கிட்டச் சொல்ல வைக்காது.

பழக்கத்தைப் பத்தி இங்கே யாரும் இன்னும் பேசலை. இத்தனை நாள் ஒரு காரியத்தைச் செஞ்சா பழக்கமாயிடும்ங்கற மாதிரிதான் பொதுவா நினைக்கறாங்க. அரிஸ்டாட்டில் இதுல இருக்கற ஒரு சங்கடத்தை இரண்டாம் புத்தகம் நாலாம் அத்தியாயத்துல எடுத்துக்கறார். நேர்மையான காரியம் செஞ்சு நேர்மையானவன் ஆகணும்னா, அந்தக் காரியத்தைச் செய்யறப்பவே அவன் நேர்மையானவன்தானே? இலக்கணத்தை வச்சு விளக்கறார். தற்செயலாவோ, பக்கத்துல ஒருத்தர் சொல்லச் சொல்லவோ ஒருத்தன் பிழையில்லாம எழுதிடலாம். அதனால அவன் இலக்கணம் தெரிஞ்சவன் ஆகமாட்டான். தனக்குள்ள இருக்கற அறிவுலேர்ந்து எழுதறப்பத்தான் ஆவான். குணத்துக்கு மூணு கேக்கறார்: தெரிஞ்சு செய்யணும், அந்தக் காரியத்துக்காகவே தேர்ந்து செய்யணும், ஆடாத நிலையிலேர்ந்து செய்யணும்.

பயிற்சியில எது திரும்பத் திரும்ப நடக்கணும்ங்கறதை இது மாத்திடுது. அந்தத் தங்கச்சி நாளைக்கு 7.20ன்னு எழுதி, "மேனேஜர் கேக்கறாருண்ணே, நான் என்ன பண்ண"ன்னு சொன்னா, கை சரியான எண்ணை எழுதியிருக்கும். ஆனா பழகினது வேற காரியம், மேனேஜர் முதுகுக்குப் பின்னால ஒளியறது. ரெண்டாவது நிபந்தனை அங்கேயே விழுந்துடும். மேனேஜர் மாறினாப் பழக்கமும் மாறும்.

---

பிறை வாசகி:

ஐயா, இதைக் காரியமாச் சொல்லுங்களேன். நாளைக் காலைல 7.20க்கு அவர் வந்து நிக்கறார். அவங்க வாய்லேர்ந்து என்ன வரணும்?

---

மெய்ப்பொருள்:

முதல் நாள் அண்ணனே வேண்டாம். மாசக்கணக்காத் தலையாட்டின ஆள், தனக்கு வேலை கத்துக்கொடுத்தவர்கிட்டப் போய்த் தொடங்கினா ரெண்டுல ஒன்னு நடக்கும்: வாய் திறக்காது, இல்லை கத்திடுவாங்க. ரெண்டும் பழைய தடத்தைத்தான் ஆழமாக்கும். வீணையைத் தப்பா வாசிச்சு வாசிச்சும் ஆள் வாசிப்பாளர்தான் ஆவான், மோசமான வாசிப்பாளர். அது அவர் சொன்னதுதான், கருவி மட்டும் நம்ம ஊருது. அதனால விலை குறைஞ்ச இடத்துல ஒரு வாரம். கேண்டீன்ல சொன்ன சாப்பாடு மாறி வந்தா, சிரிச்சு மழுப்பாம "நான் கேட்டது இது இல்லை, மாத்திக் கொடுங்க"ன்னு ஒரு வாக்கியம். தன் ஷிப்ட்ல ஒரு பையன் மாஸ்க் போடாம வந்தா, அப்பவே, அவன்கிட்ட மட்டும், ஒரு வாக்கியம். ரெண்டு இடத்துலயும் கவனிக்க வேண்டியது, சொல்றதுக்கு முன்னால வயித்துல வர்ற அந்தச் சங்கடம். அதுதான் இவங்களோட சாய்வு எந்தப் பக்கம்னு காட்டற முள்.

அப்புறம் அண்ணன். புத்தகம் மேசை மேல, பேனா கையில, அவர் வந்து நின்ன உடனே, வேற யாரும் பக்கத்துல இல்லாதப்போ: "அண்ணே, மணி ஏழு இருபது. நான் ஏழு இருபதுன்னே எழுதறேன். இனிமே வர்ற நேரத்தைத்தான் எழுதுவேன்." அவ்வளவுதான். உடனே அடுத்த வாக்கியம் டப்பா திறந்த நேரம், மூணாவது வாக்கியம் மிஷின் அலாரம். நேரத்தைப் பத்திப் பேச்சு வளரவிடக்கூடாது. ஹேண்டோவர் முழுசா நடக்கணும்.

இது எங்கே பிசகும்னும் சொல்லிடறேன். "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே, நீங்க எனக்கு அப்பா மாதிரி"ன்னு முன்னுரை நீண்டா, அது தலையாட்டறதோட இன்னொரு முகம்தான், அவர் நடுவுலேயே "சரிம்மா, இன்னிக்கு மட்டும் ஏழு போடு"ன்னு முடிச்சுடுவார். போன மாசக் கதையை இழுத்தா கசப்பு உள்ளே வந்துடும். ராத்திரி ஃபோன்ல எழுதினா, முகம் தெரியாததால சூடு ஏறும். அதனால காலை, நேர்ல, ஒரு தடவை. ரெண்டாம் நாள் அதையும் சொல்ல வேண்டாம், எழுதினா போதும்.

இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அத்தியாயத்துல வளைஞ்ச கட்டையை நிமித்தறதைச் சொல்வார். எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கணும். இவங்க தலையாட்டற பக்கம் வளைஞ்சவங்க. அதனால முதல் சில வாரம் அவங்க காதுக்கே கொஞ்சம் வெடுக்குன்னு கேக்கற மாதிரி சொன்னாத்தான் நேரா வரும்.

---

எதிர்வாதி:

இங்கே ஒரு ஓட்டை இருக்கே. கோபத்துல மிகைதான் நடுவுக்கு அதிகம் எதிர், அதுலேர்ந்துதான் முதல்ல விலகணும்னு அவரே சொல்றார். நீங்க வெடுக்குன்னு பேசச் சொல்றீங்க. வாட்ஸ்அப்ல ஏற்கெனவே ஒரு தடவை வெடிச்ச ஆளை மிகைப் பக்கம் இழுத்தா என்ன ஆகும்?

---

மெய்ப்பொருள்:

நல்ல இடத்துல பிடிச்சீங்க. ரெண்டு விதி ஒன்னோட ஒன்னு மோதற மாதிரித் தெரியும். நான் பார்க்கறது, இங்கே கோல் ஒன்னு இல்லை, ரெண்டு. சொல்றதா விடறதாங்கறது நாலாம் புத்தகம் ஆறாம் அத்தியாயத்துக் கோல். அதுல எதிர்ப்பக்கம் இழுக்கணும்: சீக்கிரம் சொல்லணும், வெட்டவெளிச்சமாச் சொல்லணும். சூடு எவ்வளவுங்கறது அஞ்சாம் அத்தியாயத்துக் கோல். அதுல குறைச்சலே நல்லது, ஏன்னா அங்கே மிகைதான் நாசம் பண்ணும். வெடுக்குன்னு இருக்க வேண்டியது வாக்கியத்தோட நீளம். குரல் சாதாரணமா இருக்கட்டும். இந்த ரெண்டையும் அவங்க இதுவரைக்கும் சேர்த்தே பிடிச்சிருந்தாங்க, கோபம் வந்தாத்தான் உண்மையைச் சொல்லலாம்னு. பிரிக்க வேண்டியது அதைத்தான்.

ஆனா கோபமே வரக்கூடாதுன்னும் நான் சொல்லமாட்டேன். கோபப்பட வேண்டியதுக்குக்கூடக் கோபப்படாதவனை அவர் மந்தம்னுதான் சொல்றார்.

---

எதிர்வாதி:

ரெண்டு கோல்னு பிரிச்சது புத்தகத்துக்குள்ள சரியா வருது. ஆளுக்குள்ள அப்படிப் பிரியுமான்னு எனக்குச் சந்தேகம். பன்னிரண்டு மணி நேரம் நின்ன ஆளுக்கு வாய் திறக்கறதுக்கே கொஞ்சம் சூடு வேணும். அது நிக்கட்டும். தேறிட்டாங்களான்னு எப்படித் தெரியும்? "ஆடாத நிலை"ன்னா யாரும் அளக்க முடியாத ஒன்னு.

---

மெய்ப்பொருள்:

அளவுகோல் ஒன்னு தர்றார், இரண்டாம் புத்தகம் மூணாம் அத்தியாயத்துல. செஞ்சு முடிச்சப்புறம் வர்ற இன்பதுன்பம்தான் அடையாளம். அடக்கமா இருந்துட்டு அதுலேயே நிறைவா இருக்கறவன் அடக்கமானவன், எரிச்சலோட இருக்கறவன் இன்னும் ஆகலை. இங்கே அப்படியே பொருத்தலாம். 7.20ன்னு எழுதிட்டு பஸ்ஸுல வீட்டுக்குப் போற வழி பூராவும் "என்ன நினைச்சாரோ"ன்னு அரிச்சா, காரியம் சரி, பழக்கம் இன்னும் வரலை. "நல்லாக் கொடுத்தேன்"னு குளிர்ந்தா கசப்புதான் பேசியிருக்கு. பேனாவை வச்சதோட மறந்துபோய், மிஷினைப் பத்தி யோசிச்சுக்கிட்டுப் போனா, வந்துக்கிட்டிருக்கு. முதல் ரகத்துல பல மாசம் இருப்பாங்க. பயிற்சி தப்புன்னு அதனால நினைக்கத் தேவையில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. கேள்வி அவர் மேல இருக்கற இரக்கத்துல வந்திருக்கலாம், ஆனா வேலை செய்யறது வேற இடத்துல. எவ்வளவு, யார்கிட்ட, எத்தனை நாள்ங்கறதைப் பொது விதியால சொல்ல முடியாது, தனித்தனி விவரத்தைக் கண்ணால பார்த்துத்தான் முடிவு பண்ணணும்னு கோபத்தைப் பத்தின அத்தியாயத்தோட முடிவுல சொல்றார். அந்த விவரம் இல்லாம நான் மேல எழுதின மூணு வாக்கியமும் பாதி குருட்டடிதான். அவர் எந்தெந்த நாள் லேட்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?

---

பிறை வாசகி:

கேட்டுப் பார்த்தேன். புத்தகத்துல பார்க்க முடியாது, எல்லா நாளும் 7.00தான். ஆனா அவர் கேட் உள்ளே நுழைஞ்சதும் "வந்துட்டேன்மா"ன்னு ஒரு மெசேஜ் போடுவாராம். அதை வச்சு அவங்க மூணு மாசத்துக்கு உட்கார்ந்து பார்த்திருக்காங்க. செவ்வாய், வியாழன்ல கிட்டத்தட்ட எப்பவுமே 6.55. லேட் எல்லாம் திங்கள், புதன், வெள்ளி. அவங்களே ஆடிப்போயிட்டாங்க.

---

ஆயர் ஈத்தாம் அக்கா:

திங்கள் புதன் வெள்ளியா? வாரத்துக்கு மூணு நாள்னா டயாலிசிஸ்மா. வீட்டுல யாரையோ காலைல இறக்கிவிட்டுட்டு வர்றார். நான் சொன்னேன்ல.

---

மெய்ப்பொருள்:

இருக்கலாம் அக்கா, வேற ஏதாவதும் இருக்கலாம். பேத்தியோட பள்ளிக்கூடமா இருந்தாச் செவ்வாயும் லேட் ஆகியிருக்கும், அது மட்டும் தெரியுது. ஊகிச்சுக்கிட்டு அவர் மேல இரக்கப்பட ஆரம்பிச்சா, அந்தப் பொண்ணு மறுபடியும் 7.00 எழுதப் போயிடுவாங்க. கேக்கணும். "அண்ணே, திங்கள் புதன் வெள்ளில மட்டும் லேட் ஆகுதே, வீட்டுல ஏதாவதா?"ன்னு. நேரத்தைப் பத்திச் சொல்றதுக்கு முன்னால கேக்கணும், ஹேண்டோவர் சமயத்துல வேண்டாம்.

இன்னொன்னையும் பாருங்க. நேரத்தை உள்ளபடி எழுதியிருந்தா இந்த வரிசை ரெண்டாவது வாரமே மேனேஜர் கண்ணுல பட்டிருக்கும், அந்த மூணு நாளைக்கு ஏழரைக்கு வர்ற மாதிரி யாராவது மாத்திக் கொடுத்திருக்கலாம். உதவின்னு நினைச்சு எழுதின 7.00தான் உதவி வர்ற வழியையும் அடைச்சது.

---

லெப்பாஸ் தேவா:

ஐயா, 7.10 பத்தி நான் சொன்னதை விட்டுடறேன். ஆனா இனிமே எழுதறதைப் பத்தி மட்டும் பேசறீங்க. பழைய பக்கமெல்லாம்? தயவுசெஞ்சு அந்தத் தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, பழைய 7.00 எதையும் இப்போ போய்த் திருத்தக்கூடாது. ஆடிட்ல அதுதான் பெரிய குற்றம். பழைய பதிவை அழிக்காம, மேல எழுதாம, இன்னிக்குத் தேதி போட்டுத் தனியா ஒரு குறிப்பு: இந்த மாசத்துலேர்ந்து இந்த மாசம் வரைக்கும் சில நாள் ஹேண்டோவர் நேரம் உள்ளபடி எழுதப்படலைன்னு, கையெழுத்தோட. விசாரணை ஓடறப்போ அதை மேனேஜர்கிட்ட இவங்களே கொண்டுபோறது நல்லது.

---

சட்டம் பேசுவோம்:

அப்படி எழுதிக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் ஷோ காஸ் லெட்டர் வரும். அவங்க எழுதினது அவரையும் சேர்த்து மாட்டிவிடுது. அவர்கிட்டச் சொல்லாம அதைக் கொடுக்கலாமா?

---

மெய்ப்பொருள்:

சொல்லாமக் கொடுக்கக்கூடாது, அதுவும் வாட்ஸ்அப் ராத்திரியோட இன்னொரு வடிவம்தான். அவர்கிட்ட முதல்ல, அன்னிக்கே அல்லது மறுநாளே மேனேஜர்கிட்ட. நடுவுல நாள் கடத்தினா மறுபடியும் தலையாட்டல் வந்து உட்காரும்.

---

லெப்பாஸ் தேவா:

நான் ஒத்துக்கமாட்டேன். முதல்ல அவர்கிட்டப் போனா, "வேண்டாம்மா, என் பென்ஷன் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தப் பொண்ணு ஒரு வருஷத்துக்கு வாய் திறக்காது. அவங்க சாய்வு அந்தப் பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?

---

பிறை வாசகி:

இதையேதான் வட்டத்துலயும் ரெண்டு கட்சியாப் பேசினாங்க. விசாரணை வியாழக்கிழமை. திங்கள் காலை ஹேண்டோவர் முடிஞ்சதும் அவரைக் கேண்டீனுக்குக் கூப்பிட்டுக் காரணம் கேக்கறதா இருக்காங்க. குறிப்பு பத்தி அப்பவே சொல்றதா, காரணம் தெரிஞ்ச பிறகு தனியாச் சொல்றதான்னு இன்னும் முடிவாகலை. இடையில செவ்வாய், புதன் ரெண்டு நாள்தான் இருக்கு, செவ்வாய் அன்னிக்கு அவர் 6.55க்கே வந்துடுவார்.